எல்பி கிடையாத ஊரின் ஓப்பனர்

என் வீட்டுக்காரர் எப்படியெல்லாம் அவுட்டாவார் என்பது அவரைப் பெற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, என் பிழைப்பே அதுதான். வெளியூரில் இருக்கிற ஒரு கம்பெனிக்காக அருப்புக்கோட்டை வீட்டில் உட்கார்ந்து, எங்கெங்கோ நடக்கிற கிரிக்கெட் மேட்ச்சுகளின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு பந்தையும் கம்ப்யூட்டரில் பதிகிறேன். போட்டது வேகமா சுழலா; பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்ததா, ஸ்டம்புக்கு நேராக வந்ததா, கால் பக்கம் போனதா; காலடியில் குத்தியதா, முன்னால் போவதா பின்னால் போவதா என்று குழப்புகிற குட் லென்த்தில் குத்தியதா, பாதியிலேயே குத்தி எழும்பியதா; ஆடியவர் என்ன செய்தார், என்ன ஆனது. இப்படிப் பந்துகள் சேரச் சேர, ஒருவரை எங்கே தட்டினால் விழுவார் என்று எதிரணிக்குச் சொல்லிவிடலாம். "அடுத்தவன் கொறையப் பாத்துச் சம்பாதிக்கிறவ" என்று என் மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் என்னை அறிமுகப்படுத்துவார். அதில் ஒரு பெருமையும் இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் எங்கள் ஊர் டீமின் ஓப்பனர், முதலில் இறங்கி முதல் பந்தை ஆடுகிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். சொல்லப்போனால் கல்யாணமே அதனால் நடந்ததுதான். என் அண்ணன் பந்தல்குடியில் டயர் கடை வைத்திருக்கிறான், அந்த ஊர் டீமுக்குக் கேப்டன். ஒரு மேட்ச்சில் இவர், என் அண்ணன் போட்ட பந்துகளைத் தோட்டத்துக்கும் ரோட்டுக்குமாக அடித்துவிட்டு, முடிந்ததும் வந்து கையைக் கொடுத்து, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றாராம். அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறவன் தங்கச்சியை நல்லாத்தான் வைத்துக்கொள்வான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். அந்தக் கணிப்பு தப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு டீமும் மோதினால் என் பாடு திண்டாட்டம். பிறந்த வீடு ஒரு பக்கம், புகுந்த வீடு ஒரு பக்கம். யார் ஜெயித்தாலும் எனக்கு ஒரு வீட்டில் சாப்பாடு இறங்காது.

போன வருஷம் இந்த இரண்டு டீமும் ஒரு கோப்பைக்கான ஃபைனலுக்கு வந்தன. லெதர் பந்து, இருபது ஓவர், திருச்சுழிக்கு வெளியே ஒரு கரிசல் திடலில். கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிடும், அதில் பிட்ச் நிற்காது. கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடித்து அதன்மேல்தான் ஆடுவார்கள்.

ஃபைனலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் டீம் கேப்டன் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரைவிடச் சின்னவர், பஜாரில் ஹார்டுவேர் கடை. இவர் ஷிஃப்ட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்ததிலேயே எனக்குச் சந்தேகம். டீயைக் கையில் வாங்கியும் குடிக்காமல் இருந்தார்.

"மதினி, இந்த மேட்ச்சுக்கு அண்ணன உக்கார வச்சிரலாம்னு இருக்கோம்."

"ஏன், அவுக கால் ஒடஞ்சு போச்சா?"

"கோவப்படாதீக. பந்தல்குடில மூணு ஸ்பின்னர் இருக்கான். அண்ணனுக்கு ஸ்பின்னு ஆகாது. எல்லாரும் சொல்றாக. கொஞ்ச நாளா அவர் அவுட்டானது பூரா ஸ்பின்னுக்குத்தான். அவர்ட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க பக்குவமா..."

பக்குவமாவது ஒன்றாவது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கள் மேட்ச் எல்லாவற்றையும் பந்துவீசுகிற பக்கத்துக்குப் பின்னால் ஒரு செல்போனை நிறுத்தி நேரலையில் விடுவார்கள், எல்லாம் அப்படியே கிடக்கிறது. "இருங்க, நான் பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று அவரை அனுப்பிவைத்தேன். கையிலிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினார்.

கண்ட ஊர்க்காரர்களின் குறையை எல்லாம் பதிகிறேனே, சொந்தப் புருஷனை இதுவரை பதிந்ததில்லை. என்னவோ போல இருக்கும் என்று விட்டிருந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தேன். முதலில் அவுட்டான பந்துகளை மட்டும் எடுத்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கேப்டன் சொன்னது பொய்யில்லை. சுழலுக்கு விழுந்ததுதான் அதிகம். தூக்கி அடிக்கப் போய் கால் பக்க எல்லையில், டீப் மிட்விக்கெட்டில் கேட்ச், இறங்கி வந்து ஸ்டம்பிங், மறுபடியும் டீப் மிட்விக்கெட்டில் கேட்ச். ஒரே ஆள் ஒரே மாதிரி அவுட்டாவதை அடுத்தடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. திரும்பி நடக்கும்போது ஒவ்வொரு தடவையும் மட்டையை ஒரு பார்வை பார்ப்பார், அது ஏதோ துரோகம் செய்துவிட்டது போல.

மறுநாள் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வேலையில் ஒருநாளும் செய்யாத தப்பை வீட்டில் செய்திருக்கிறேன். எத்தனை தடவை அவுட்டானார் என்று பார்த்தேனே தவிர, அதற்கு எத்தனை பந்து ஆடினார் என்று பார்க்கவில்லை. தினமும் பஸ்ஸில் போகிறவர் பஸ்ஸில்தான் பர்ஸைத் தொலைப்பார். அதற்காக ஆட்டோ பத்திரம் என்று ஆகிவிடுமா? எல்லாப் பந்தையும் ஒவ்வொன்றாகப் பதிந்தேன். அப்போதுதான் கூத்து தெரிந்தது. இவருக்கு ஸ்பின் ஆகாது என்று ஊர் நம்பியதால், இவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கியதுமே எல்லாக் கேப்டன்களும் ஸ்பின்னரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் ஆடியதில் முக்கால்வாசி சுழல்தான். அவ்வளவு பந்துக்கு அந்த அவுட் ரொம்பக் கம்மி. அதுவும் நின்று ஆடி, ரன் சேர்த்து, கடைசியில் அடித்து ஆடும்போது போன விக்கெட்டுகள். வேகப்பந்தோ கொஞ்சம்தான் ஆடியிருக்கிறார், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயே சீக்கிரம் சீக்கிரமாக விழுந்திருக்கிறார். பெரும்பாலும் போல்டு, மட்டையின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பில் போய் விழுந்தது. எல்லாம் ஒரே பந்து. குட் லென்த்தில் ஆஃப் ஸ்டம்புக்குக் கொஞ்சம் வெளியே குத்தி, உள்ளே திரும்பி வருகிற பந்து.

இத்தோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவுட்டாகாத பந்துகளையும் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தேன். அதே பந்து எத்தனையோ தடவை இவருடைய காலில் வாங்கியிருக்கிறது. பேடில் டொப்பென்று படும், பந்து போட்டவன் கத்துவான், அம்பயர் ஆகாயத்தைப் பார்ப்பார், ஆட்டம் தொடரும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் எல்பி கிடையாது. ஸ்டம்புக்கு நேராகப் பந்து காலில் பட்டால் அவுட் என்ற சட்டத்தையே டாஸ் போடும்போது எடுத்துவைத்துவிடுவார்கள். அடிக்கிற டீமின் ஆள்தான் அம்பயராக நிற்பார். சொந்த மச்சானுக்கு விரலைத் தூக்கிவிட்டு அவர் எப்படி ஒரே பைக்கில் வீட்டுக்குப் போவார்? விரலைத் தூக்காவிட்டால் எதிரணி ஸ்டம்பைப் பிடுங்கும். எதற்கு வம்பு என்று, எல்பியே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் கால்தான் இரண்டாவது மட்டை. இவரும் முன்காலைக் குறுக்கே கொண்டுபோய் ஆஃப் ஸ்டம்புக்கு முன்னால் தூண் மாதிரி நட்டுவைத்து, மட்டையை அந்தக் காலைச் சுற்றிக் கொண்டுவருவார். சுழலுக்கு அதனால் பாதகமில்லை, மெதுவாக வருகிற பந்துக்கு மட்டை வந்து சேர்ந்துவிடும். வேகமாக உள்ளே வருகிற பந்துக்கு வந்து சேராது. காலில் பட்டது எல்லாம் அவுட் கணக்கில் ஏறவே இல்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

ஃபைனலுக்கு வெளியூர் அம்பயர்கள். எல்பி உண்டு.

ஆக, இவர் டீமில் கட்டாயம் இருக்க வேண்டிய ஆள். ஆனால் ஓப்பனராக இல்லை. புதுப் பந்தும் வேகமும் ஓய்ந்து, ஸ்பின்னர்கள் போட ஆரம்பித்தபிறகு, ஐந்தாவது ஆளாக இறங்க வேண்டிய ஆள். கேப்டனிடம் அதைச் சொல்லி, வீடியோவைக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நாங்க உக்காரவச்சாத்தான் பாவம்னு நெனச்சோம், நீங்க அண்ணன் ஓப்பனரே இல்லங்கிறீக. இத நீங்களே சொல்லிருங்க மதினி" என்று நழுவினார்.

சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினபிறகு, பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

"வீட்டுக்குள்ளேயே எதிரிய வச்சிருக்கேன்" என்றார் கடைசியில்.

"எதிரின்னா பந்தல்குடிக்கு அனுப்பியிருப்பேன். ஒங்ககிட்ட ஏன் காட்டுறேன்?"

"நான் மொதப் பந்த ஆடுறவன்த்தா. எறங்குறப்ப கிரவுண்டே காலியா, புதுப் பாயா, பந்து செவசெவன்னு... அது ஒனக்குத் தெரியாது."

தெரியும். இறங்கும்போது அவர் நடக்கிற நடையே வேறு. மில்லில் சூப்பர்வைசர் திட்டுகிறபோது தலையாட்டுகிறவர், அங்கே யாருக்கும் தலை குனியாதவராக நடப்பார். நான் அதைத்தான் பிடுங்குகிறேன் என்று தெரிந்தே சொன்னேன். இரண்டு நாள் என்னிடம் சோறு, குழம்பு என்று ஒற்றை வார்த்தையில்தான் பேசினார். மூன்றாம் நாள் காலையில் மட்டையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனவர், மேலேயிருந்து கூப்பிட்டார். "ஏத்தா, பந்து போட ஆளில்ல."

ஷிஃப்ட் முடிந்து வருகிற நாளெல்லாம் அதுதான் வேலை. டென்னிஸ் பந்தை வாளித் தண்ணீரில் முக்கி, பக்கத்திலிருந்தே வேகமாக எறிவேன், ஈரப்பந்து சறுக்கிக்கொண்டு வரும். அவருடைய முன்கால் குறுக்கே போகிற இடத்தில் ஒரு காலி பிளாஸ்டிக் குடத்தை வைத்தேன். கால் நேராக வந்தால் சத்தமில்லை. பழக்கத்தில் குறுக்கே போனால் குடம் உருண்டு மாடி முழுக்கச் சத்தம் போடும். முதலில் கீழ்வீட்டுக்காரம்மா என்ன சண்டையோ என்று ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார். போகப் போகக் குடம் உருள்வது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

இதற்கு நடுவில் அண்ணனிடமிருந்து போன். நலம் விசாரித்தான், மழை இல்லை என்றான், பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

"ஏத்தா, மாப்ளய எப்படி அவுட்டாக்குறது? நீதான் எல்லாருக்கும் சொல்றியே, கூடப் பொறந்தவனுக்குச் சொல்ல மாட்டியா?"

"ஒழுங்கா டயரப் பாருண்ணே."

"சும்மா சொல்லு. ஸ்பின்னு போட்டா போயிருவார்ல? ஊரே சொல்லுது."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கு என்னத்தத் தெரியும்? அவுகளுக்கு ஸ்பின்னு தண்ணி பட்ட பாடு. ஒங்க மூணு ஸ்பின்னரையும் வரச் சொல்லு, போட்டுப் பாக்கட்டும். பந்து பொறுக்குறதுக்கு ஆள் போதாது ஒங்களுக்கு!" இன்னும் என்னென்னவோ பொரிந்து தள்ளினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "சரித்தா, சரித்தா, வைக்கிறேன்" என்றான். ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அடுப்படிக்குப் போனேன்.

ஃபைனல் அன்று சாமியானா நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பந்தல்குடி முதலில் அடித்தது. வந்தவர்களில் பாதிப்பேர் காலை நட்டுவைத்து எல்பியில் போனார்கள். விரல் உயர்ந்த பிறகும் முதல் ஆள் நகராமல் நின்று, "என்ன சார், கால்ல தான பட்டுச்சு?" என்று அம்பயரிடம் நியாயம் கேட்டார். என் அண்ணனும் அப்படித்தான் போனான். போகிற வழியில் என்னைப் பார்த்து முறைத்தான், நான்தான் அம்பயருக்கு ஓதிவிட்டது மாதிரி. ஆனாலும் ஒருவாறு கௌரவமான ஸ்கோர் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் டீம் ஆட ஆரம்பித்தது. இவர் பேடைக் கட்டிக்கொண்டு, வேறு இரண்டு பேர் முதலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. மூன்றாவது விக்கெட் விழும்போது ஸ்பின்னர்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் கணக்குப் போட்டபடியே. இவர் இறங்கினார். அண்ணன் உடனே கையைத் தட்டி ஸ்பின்னரை நிறுத்திவிட்டு, எல்லையில் நின்றிருந்த ஒரு நெட்டையானவரைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர் அவர். அவர்களிடம் இருந்த நல்ல வேகப்பந்து அவருடையதுதான். ஒரு ஆளுக்கு நாலு ஓவர்தான் கணக்கு. அதில் இரண்டை அண்ணன் இவருக்கென்றே மிச்சம் வைத்திருக்கிறான்.

அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவே நேரமில்லை.

முதல் பந்து. குட் லென்த், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, விரலால் உருட்டிவிட்ட பந்து கயிற்றுப் பாயைக் கவ்விக்கொண்டு உள்ளே வந்தது. கால் குறுக்கே போய்விட்டது. பேடில் பட்ட சத்தம் சாமியானா வரை கேட்டது. பதினோரு பேரும் கத்தினார்கள். அம்பயர் ரொம்ப நேரம் யோசித்து, இல்லை என்று தலையை ஆட்டினார், கொஞ்சம் கால் பக்கமாகப் போயிருக்கும் போல. இவர் மட்டையைப் பார்க்கவில்லை. தன் முன்காலைப் பார்த்தார். பிறகு சாமியானா பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு கையை நீட்டி, நேராக, நேராக என்று காட்டினேன். பக்கத்திலிருந்தவர்கள் பைத்தியமோ என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த பந்துக்குக் கால் நேராக வந்தது. அதற்கடுத்ததற்கும். அழகாக ஒன்றும் இல்லை, ரன்னும் இல்லை. மட்டையில் பட்டுக் காலடியில் விழுந்தது, அவ்வளவுதான். எனக்கு அது சிக்ஸர் மாதிரி இருந்தது. ஒன்று வெளிவிளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு முன்னாலேயே விழுந்தது. காலை நேராக வைத்தால் அந்த ஆபத்து புதிதாக வரும் என்று தெரிந்ததுதான். இரண்டு ஓவரும் முடிந்தது. லாரிக்காரர் இவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இனி அண்ணனிடம் மிச்சமிருந்தது ஸ்பின்தான்.

பிறகு நடந்ததைச் சொல்லவே வேண்டாம். பந்தல்குடிக்காரர்கள் நிஜமாகவே பந்து பொறுக்கினார்கள். ஜெயிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்கிற நேரத்தில் இவர் ஒரு ஸ்பின்னரைத் தூக்கி அடித்தார், டீப் மிட்விக்கெட்டில் அண்ணனே பிடித்தான். மிச்ச ரன்னைப் பின்னால் வந்தவர்கள் எடுத்து ஜெயித்தார்கள். எங்கள் கேப்டன் என்னிடம் ஓடிவந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "பாத்தீகளா மதினி, கடைசில ஸ்பின்னுக்குத்தான் அவுட்டானாரு!" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அண்ணன் வந்து என் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தான்.

"யாருண்ணே சொன்னது ஒனக்கு? வேகப்பந்து மிச்சம் வைக்கணும்னு?"

"நீதான்" என்றான். "ஸ்பின்னுன்னு சொன்னதும் அந்தக் குதி குதிச்ச. வேகத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல. வீட்டுல நீ பொறந்ததுலருந்து பாக்குறேன், எது சரியா இருக்கோ அதுக்குத்தான் நீ சண்ட போடுவ. எது சரியில்லையோ அதப் பத்தி வாயே தொறக்க மாட்ட." ஊரார் பலவீனத்தை எல்லாம் பந்து பந்தாகப் பிரிக்கிறவளை, இவன் ஒரு போனில் பிரித்துவிட்டான். "அப்பறமும் தப்பிச்சிட்டாரே மாப்ள" என்று சொல்லி, அந்தப் பக்கம் வந்த இவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போனான். தோற்ற வருத்தம் அவன் முகத்தில் அவ்வளவாக இல்லை. அண்ணனை அப்போது ரொம்பப் பிடித்தது.

சாயங்காலம் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டோரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்களுக்காக வண்டியை மெதுவாக்கினார். சந்தோஷத்தில் இருந்தார், முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பி, "ஏத்தா, அந்த டிரைவர் பந்தையே பாத்துட்டேன். அடுத்த சீசன்ல ஓப்பனிங் எறங்கலாம்ல?" என்று கேட்டார்.

கேப்டனிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார். இறங்கலாம் என்று சொன்னால் வீடு போய்ச் சேரும்வரை பாடிக்கொண்டே வருவார். அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் பார்த்தது இரண்டு ஓவர். அதிலும் ஒன்று காலில் பட்டது, ஒன்று விளிம்பில் பட்டது.

"வேணாங்க" என்றேன். "ரெண்டு ஓவர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அஞ்சாவதே எறங்குங்க."

அவர் முகத்தை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். இரண்டு ஊர் தாண்டினோம். கோபமோ என்று பயந்து, அவர் சட்டையைப் பிடித்திருந்த கையைக்கூட அசைக்காமல் இருந்தேன்.

"சரி. கேப்டன்ட்ட நானே சொல்லிர்றேன், மொதப் பந்துக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லி" என்றார்.

எத்தனையோ வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத முதல் பந்தை, என் ஒரு வார்த்தைக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். நான் சொல்வது உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கையைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன். அழுகை குலுங்கிக்கொண்டு வந்தது.

"அழுகாத புள்ள" என்றார். "வண்டி ஆடுது."